மருமகள் பேரில் நிற்கும் காம்பரா

2024 மே தினத்தன்று கொட்டகலையில் வைத்து தோட்டத் தொழிலாளர்களுக்கு 1,700 ரூபாய் நாட்சம்பளம் அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் வழக்குக்குப் போயின. இழுபறிக்குப் பிறகு செப்டம்பரில் 1,350 ரூபாய் என வர்த்தமானி வந்தது. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தேநீர்க் கடைகளில் மாதக்கணக்கில் இதே பேச்சுதான். அந்தப் பணம் லயத்து வாசலைத் தாண்டியதும் யார் கைக்குப் போகிறது என்ற கேள்வியை மட்டும் எந்த மேடையும் எழுப்பவில்லை.

கேள்வி பழையது. ராச்சேல் குரியன் 1982இல் சர்வதேச தொழிலாளர் அமைப்புக்காக எழுதிய ஆய்வு, தோட்டத்துப் பெண்களின் சம்பளத்தை வீட்டு ஆண்கள் வாங்கிவந்ததைப் பதிவுசெய்திருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1984இல் வந்தது. நாற்பது ஆண்டுகள் கழிந்தும், கல்யாணமாகி வந்த மருமகளின் சம்பளம் மாமியாரின் முந்தானை முடிச்சுக்குப் போகும் வீடுகள் உண்டு. சம்பளம் எங்கே போகிறதோ, அங்கேதான் மற்ற முடிவுகளும் எடுக்கப்படுகின்றன. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் போவது, மகன் கொழும்பிலேயே இருப்பதா, மருமகள் என்ன வேலை செய்வது என்பதெல்லாம் அந்த முடிச்சோடு சேர்ந்தே போய்விடும்.

இது தவறு. பெற்றோருக்குச் சோறு போடுவது பிள்ளையின் கடன். அந்தக் கடனுக்கு ஈடாகத் தம்பதியின் வாழ்க்கையைக் கேட்பது அறமாகாது.

ஆனால் மலையகத்தில் இதை மாமியார் கொடுமை என்று மட்டும் பேசி முடித்துவிட முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. உள்ளே சேலைத் திரைக்கு அப்பால் புதுத் தம்பதி, இஸ்தோப்பில் பெரியவர்கள். திரைக்கு இந்தப் பக்கம் முணுமுணுத்தது அந்தப் பக்கம் கேட்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் காம்பரா குடும்பத்துக்குச் சொந்தமில்லை என்பது. வீட்டில் ஒருவருடைய பேராவது செக்ரோலில் இருந்தால்தான் அங்கே இருக்க உரிமை என்பதே காலங்காலமாக லயத்தில் நிலவும் எண்ணம். பேர் விழுந்தால் கூரையும் போய்விடும் என்ற பயத்திலேயே தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. மருமகளைப் பேர் பதியச் சொல்லும் மாமியாரின் அதட்டலுக்குள் இருப்பதும் இந்தப் பயந்தான்.

பல லயங்களில் நடப்பதைச் சேர்த்து ஒரு குடும்பமாக வைத்துப் பார்க்கலாம். மாமனார் ஓய்வுபெற்றுவிட்டார், மாமியாருக்கு இன்னும் ஒரு வருட வேலை. மகனுக்குப் புறக்கோட்டையில் கடை வேலை. உயர்தரம் படித்த மருமகளுக்கு ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியை வேலை கிடைக்கிறது. டவுனில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கலாம் என்பது இருவரின் எண்ணம். “நீ பேர் பதியலேன்னா காம்பரா போயிரும். எங்கள நடுரோட்டுல நிறுத்தப் போறீங்களா?” என்கிறார் மாமியார். மகன் தலையைக் குனிந்துகொள்கிறான். மருமகள் கூடையைத் தூக்குகிறாள்.

அந்த 2024 வர்த்தமானிச் சம்பளப்படி மாதம் இருபது பேர் போட்டால் 27,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு வீதம் 2,160 போக 24,840 மிஞ்சும். நிறை குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்கள், சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம் எல்லாம் கழிந்து வருவது அதனிலும் குறைவு. அதை அவள் அப்படியே மாமியார் கையில் கொடுக்கிறாள். பிறகு பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக்கூட அவளே கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது.

இங்கே புத்திமதி எந்த இடத்தில் தலையீடாக மாறியது? அடையாளம் காண்பது கடினமில்லை. “வேண்டாம்” என்று சொன்னவளுக்குத் தண்டனையாகப் பேச்சு நிற்கிறதா, சாப்பாட்டில் பாரபட்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இருவரையும் உட்காரவைத்துப் பேசாமல் மகனைத் தனியாக அழைத்துப் பேசுகிறார்களா என்றும் பார்க்க வேண்டும். அனுபவம் பேசினால் அதைக் கேட்பது முறை. மறுத்ததற்குத் தண்டனை வந்துவிட்டால் அதற்குப் புத்திமதி என்று பேரில்லை.

தமிழ் மரபு பெற்றோரின் பக்கந்தான் என்று சொல்பவர்கள் அந்த மரபைத் திறந்து பார்ப்பதில்லை. வள்ளுவர் இல்வாழ்க்கையை அடுத்து வாழ்க்கைத் துணைநலத்தை வைத்தார், அதன் பின்பே மக்கட்பேறு. 133 அதிகாரங்களில் பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் என்று தனி அதிகாரம் கிடையாது. மக்கட்பேற்றில் தந்தைக்கு அவர் சொல்லும் வேலை மகனைச் சபையில் முந்தியிருக்கச் செய்வது. மகனைக் காம்பராவுக்குக் காவல் வைக்கும்படி அவர் சொல்லவில்லை. தொல்காப்பியக் கற்பியல், கொடுப்பதற்குப் பெற்றோர் இல்லாமலே உடன்போனவர்களுக்கும் திருமணச் சடங்கு உண்டு என்கிறது. சிலப்பதிகாரத்தில் மனையறம் படுத்த காதையைப் பார்க்க வேண்டும். புதுத் தம்பதியைத் தனி இல்லத்தில் குடியமர்த்தி, இல்லறத்தைத் தாங்களே நடத்தப் பழக விடுபவள் கோவலனின் தாய். மகன் கையைவிட்டுப் போய்விடுவான் என்று அவள் பயப்படவில்லை. பெரியவர்கள் இந்தக் காதையை மனதில் வைக்க வேண்டும்.

பெரியவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. முப்பது வருடம் அட்டைக்கடியில் நின்றவர்கள் முதுமையில் கைவிடப்படக் கூடாது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபை மூலம் பிள்ளைகளிடம் பராமரிப்பைக் கேட்டுப் பெறலாம். சட்டம் அவர்களுக்குத் தருவது பராமரிப்பை மட்டுமே. மருமகள் என்ன வேலை செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமையை அது தரவில்லை. மறுபுறம், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவனின் பெற்றோரையும் வரம்புக்குள் கொண்டுவருகிறது. கடுமையான, தொடர்ச்சியான மனவதைக்கும் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம்.

அந்தக் குடும்பம் வேறு வழியில் போயிருக்கலாம். முதலில் பயம் உண்மையா என்று பார்க்க வேண்டும். ஓய்வுபெற்றவர்கள் காம்பராவில் தொடர்ந்து இருப்பது பற்றிய நடைமுறை தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறது. தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய் துரையிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கலாம். போக வேண்டியவன் மகன். தன் பெற்றோரிடம் “முடியாது” என்று சொல்ல வேண்டியவனும் அவன்தான். மனைவியை முன்னால் தள்ளிவிட்டு இஸ்தோப்பில் பீடி பற்றவைக்கும் மகன்களால்தான் பாதிச் சண்டை வருகிறது.

அடுத்தது பணக் கணக்கு. முப்பது வருடம் வேலை செய்த மாமியாருக்கு, வருடத்துக்குப் பதினான்கு நாட்சம்பளம் என்ற பணிக்கொடைக் கணக்கில், அதே 2024 சம்பளமான 1,350 வீதம் 5,67,000 ரூபாய் வரும். சேமலாப நிதி வேறு. இந்தப் பணத்தைத்தான் மகனின் கல்யாணக் கடனுக்கும் வேன் லீசிங்குக்கும் பல வீடுகளில் கரைத்துவிடுகிறார்கள். கையில் ஒன்றுமில்லாமல் போன தாய் மருமகளின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? தாயின் காசு தாயின் பேரில் வங்கியில் கிடக்கட்டும். மகன் மாதாமாதம் சம்பளத் திகதியன்று பேசிய தொகையை ஒரு ரூபாய் குறையாமல் அவள் கையில் வைக்கட்டும். மருமகளின் சம்பளம் அவளுடைய கணக்குக்கே போகட்டும், வங்கி அட்டையும் அவள் பையிலேயே இருக்கட்டும். அப்படி நடந்தால் ஹட்டன் முன்பள்ளி வேலையைப் பற்றி அந்த வீட்டில் மறுபடியும் பேச்செடுக்கும்போது, காம்பரா போய்விடும் என்ற பயம் அந்தப் பேச்சில் குறுக்கே நிற்காது.