கடிகாரம் பார்க்காத தோல்

பெங்களூர் ஜெயநகர் நான்காவது பிளாக் கடைகளில் பகல் கிரீமையும் இரவு கிரீமையும் ஜோடியாகவே அடுக்கி வைக்கிறார்கள். இரண்டையும் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படித்துப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் ஜோடி என்றால் முதல் சில பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: தண்ணீர், கிளிசரின், சீட்டைல் ஆல்கஹால், டைமெதிகோன், நியாசினமைடு. 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்கள் அளவின் இறங்குவரிசையில்தான் அச்சாகும். ஆகவே தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சில பெயர்கள்தான் கிரீமின் பெரும்பகுதி. அவை ஒன்றானால் கிரீமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. பகல் கிரீமில் வெயிலைத் தடுக்கும் வடிகட்டிகள் சேர்ந்திருக்கும். இரவு கிரீமில் அவை இருக்காது. ஷியா வெண்ணெய் போல ஏதாவது கொழுப்பு கூடியிருக்கும், சிலவற்றில் ரெட்டினால் இருக்கும். தோலிலிருந்து ஆவியாகும் நீர் மாலையிலும் இரவிலும் கூடுகிறது என்பது அளந்து கண்ட உண்மை. அதனால் படுக்கும்போது கொஞ்சம் கெட்டியாகப் பூசுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி டப்பா தேவையில்லை. பகலில் மெல்லியதாகத் தடவும் அதே மாய்ஸ்சரைசரை இரவில் இன்னொரு பூச்சு பூசினால் போதும்.

ரெட்டினால் விஷயம் வேறு. அது வெளிச்சம் பட்டால் சிதையும். தோலையும் எளிதில் எரிச்சலடையச் செய்யும். அதனால்தான் அதை இரவுக்கு ஒதுக்கினார்கள்.

பகல் கிரீம்மீதுதான் எனக்கு உண்மையான கவலை. ஒரு கிரீமின் எஸ்பிஎஃப் எண்ணைச் சோதனைக்கூடத்தில் கணக்கிடும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கு மட்டும் அது ஏறத்தாழ ஒரு கிராம். அப்படிப் பூசினால் 50 கிராம் டப்பா ஐம்பது நாளில் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டு டப்பா எத்தனை மாதம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம் வந்தால், தேவையானதில் ஏறக்குறைய கால்பங்குதான் முகத்துக்குப் போகிறது. மூடியில் எஸ்பிஎஃப் 15 என்றிருந்தாலும் கிடைக்கும் காப்பு மூன்று நான்கைத் தாண்டாது. ஈரப்பதத்துக்காக நாம் தொட்டு வைக்கும் அளவும் வெயிலைத் தடுக்க வேண்டிய அளவும் ஒன்றல்ல. ஒரே கிரீம் இரண்டு வேலையையும் செய்யும் என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

பெங்களூரில் வெயில் இன்னும் எளிதாக ஏமாற்றும். கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். காற்று மட்டும் குளிர்ச்சியாக வீசும். சென்னையில் வெயில் சுட்டெரிக்கும், குடையைத் தேடுவோம். இங்கே மார்ச் மாத நண்பகலில்கூட மர நிழல் ஓரமாக இதமாக நடந்து போகலாம். புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது என்பதால் உடம்புக்கு எச்சரிக்கை வருவதில்லை. ஜன்னல் கண்ணாடியும் முழுக் காவல் அல்ல. தோலைச் சிவக்க வைக்கும் யூவிபி கதிரை அது தடுத்துவிடும்; தோலை முதுமையாக்கும் யூவிஏ பெருமளவு உள்ளே வரும்.

என் தங்கை மகள் எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். "பெரியம்மா, எனக்கு ராத்திரிங்கிறதே காலையில எட்டு மணிக்குத்தான். நான் எந்த கிரீமை எப்போ போடறது?" என்று கேட்டாள். அவள் கேள்விதான் எனக்கு இதைத் தெளிவாக்கியது. கிரீமுக்கு முக்கியம் மணி அல்ல, முகத்தின்மேல் வெயில் விழுமா விழாதா என்பதுதான். அலுவலகத்தின் குழல்விளக்குக்குக் கீழே நள்ளிரவில் உட்கார்ந்திருப்பவளுக்கு எஸ்பிஎஃப் வேண்டாம். அங்கே ஏசி உலர்த்தும் தோலுக்கு ஈரப்பதம்தான் வேண்டும். காலையில் வீடு திரும்பி, முகம் கழுவி, கனத்த திரையை இழுத்துவிட்டுப் படுக்கும் நேரம்தான் அவளுடைய இரவு. ரெட்டினால் போடுவதென்றால் அப்போது போடலாம்.

இப்போது அவளிடம் கிளிசரினும் நியாசினமைடும் செராமைடும் உள்ள, வாசனை சேர்க்காத ஒரே மாய்ஸ்சரைசர்தான் இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போதும் படுக்கும்போதும் அதையே பூசுகிறாள். மதியம் மூன்று மணிக்கு எழுந்து காய்கறி வாங்க இறங்கும் நாளில் மட்டும், அதன்மேல் இரண்டு விரல் நீளத்துக்குச் சன்ஸ்கிரீன் பிழிந்து முகத்திலும் கழுத்திலும் தடவுகிறாள். வீட்டுக்குள் வந்ததும் அதைக் கழுவிவிடுகிறாள். அந்தக் குழாய் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது, தீரத்தான் வேண்டும்.