பழந்துணிக்கு ஒரு வாசகம்

சென்ற ரமழானுக்கு ஒரு மாதம் முன்பாக நமது மஹல்லாவின் இளைஞர்கள் நால்வர் ஒரு தாளுடன் நம்மிடம் வந்தார்கள். வீடுதோறும் பழைய துணிகளைச் சேகரித்து ஏழை எளியோருக்கு வழங்க அவர்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள். பள்ளிவாசல் வாயிலில் கட்டும் பதாகைக்கும், வீடுகளில் கொடுக்கும் பிரசுரத்துக்கும் ஒரு வாசகம் தேவைப்பட்டது. அதையும் அவர்களே எழுதிவிட்டார்கள்: "உங்களுக்கு வேண்டாதது ஏழைக்கு வேண்டியது!" ஹஸ்ரத் சரி என்று சொன்னால் அன்று மாலையே அச்சுக்குக் கொடுத்துவிடுவதாகக் கூறினார்கள்.

நாம் சரி என்று சொல்லவில்லை. சொல்ல முடியாமற் போனதற்குக் காரணம் அந்த இளைஞர்களல்லர், நாமே.

அதற்கு முந்திய ஆண்டும் இதே சேகரிப்பு நடந்தது. அப்போது வாசகம் எழுதிக் கொடுத்தவர் நாம்தான். "நீங்கள் தரும் ஒவ்வொரு துணியும் ஓர் ஏழையின் உடலைச் சேரும்" என்று எழுதினோம். ஜும்ஆ பயானிலும் அதையே சொன்னோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நாற்பது சாக்கு மூட்டைகள் வந்து சேர்ந்தன. மதரஸாவின் தாழ்வாரத்தில் அவற்றைப் பிரித்தபோது பதினான்கு மூட்டைகள் அளவுக்கு எவரும் உடுத்த இயலாதவை என்று தெரிந்தது. பொறுப்பாளர்கள் அவற்றைப் பழந்துணி வியாபாரியிடம் எடைக்குப் போட்டார்கள். கிடைத்த பணத்தில் ஏழை வீடுகளுக்குப் போர்வை வாங்கினார்கள். ஒரு பைசாவும் வீணாகவில்லை. நம்மிடம் வந்து சொன்னார்கள். நாமும் நல்லது என்றோம்.

ஆறு வாரங்கள் சென்றிருக்கும். ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். மகன் மௌத்தான பிறகு அவனுடைய உடைகளைத் துவைத்து, மடித்து, ஸதகாவாகக் கொடுத்தவர் அவர். ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றின் பக்கம் போனபோது, அங்கே எண்ணெய் துடைத்துப் போட்டிருந்த துண்டுகளில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையின் கை கிடந்ததைக் கண்டிருக்கிறார். அதன் பொத்தான் அவர் கையால் தைத்தது. மற்றவற்றோடு சேராத வேறு நிறப் பொத்தான். கழுத்துப்பட்டை நைந்திருந்த சட்டை அது, ஆகவே பிரித்தவர்கள் அதைக் கழிவில் போட்டுவிட்டார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. "விற்றது தப்பென்று சொல்ல வரவில்லை ஹஸ்ரத். விற்பீர்கள் என்று சொல்லியிருந்தால் அந்த ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டிருப்பேன்" என்றார்.

அன்று முதல் நம்மை விட்டு நீங்காத கேள்வி இது: நற்காரியத்துக்காக எழுதப்படும் ஒரு வாசகம் வெறும் அழைப்புத்தானா, அல்லது எழுதியவனைக் கட்டுப்படுத்தும் வாக்கா?

நமது ஃபிக்ஹு நூல்களை ஓதியவர்களுக்கு இதில் ஐயம் எழ இடமில்லை. ஐயம் எழாமலே நாம் தவறியதுதான் வெட்கத்துக்குரியது. ஸதகா என்பது வாங்குபவரின் கைக்குப் போய்ச் சேரும்போதுதான் நிறைவேறுகிறது. இடையில் மூட்டையைச் சுமக்கும் நாம் ஏழையல்லோம், உரிமையாளரும் அல்லோம். கொடுத்தவருடைய வக்கீல் மட்டுமே. எனவே அந்தச் சட்டை மதரஸாத் தாழ்வாரத்தில் கிடந்தபோதும், தராசில் ஏறியபோதும் அந்தத் தாயின் பொருளாகவே இருந்தது. வக்கீல் தனக்குச் சொல்லப்பட்ட எல்லையைத் தாண்டலாகாது. அனுமதியில்லாமல் பிறர் பொருளை விற்றால் அந்த விற்பனை ஷாஃபியீ மத்ஹபில் செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் உரிமையாளர் சம்மதிக்கும் வரை நின்றுகொண்டிருக்கும். அந்தத் தாய் நமக்கிட்ட எல்லை எது? வேறெதுவுமில்லை, நாமே எழுதிக் கொடுத்த வாசகம்தான். "ஏழையின் உடலைச் சேரும்" என்ற சொல்லை நம்பியே அவர் மூட்டையைக் கட்டினார். போர்வை வாங்கினோமே என்பது இதற்கு விடையாகாது. அவருடைய பொருளை அவர் சொல்லாத வழியில் செலவழித்துவிட்டு, வழி நல்லதென்று சொல்லுகிறோம், அவ்வளவே. நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். ஹலாலாக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் இளைஞர்களின் தாள் நமது கைக்கு வந்தது. அதில் நம்மை உறுத்தியது "வேண்டாதது" என்ற சொல்.

மதீனாவில் அன்ஸாரிகள் அறுவடைக் காலத்தில் பேரீச்சங்குலைகளைக் கொண்டுவந்து பள்ளிவாசலில் தொங்கவிடுவார்கள். பசித்த முஹாஜிர்கள் அதிலிருந்து உண்பார்கள். சிலர் சொத்தைக் காய்களும் முறிந்த குலையுமாகக் கொண்டுவந்து கட்டினார்கள். அப்போதுதான் அல் பகரா அத்தியாயத்தின் 267-ஆம் வசனம் இறங்கியதென்று பராஃ (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதீயில் உள்ளது. உங்களுக்கே அது தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்கமாட்டீர்களே, அத்தகையதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. பழையது கூடாதென்று அங்கே சொல்லப்படவில்லை. புத்தாடை உடுத்தியவர் முன்பு உடுத்தியிருந்ததை ஸதகாச் செய்வதைச் சிறப்பித்து உமர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு ஹதீஸும் வந்திருக்கிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்றாலும் கருத்தை எவரும் மறுத்ததில்லை.

அருமை நாயகம் (ஸல்) அவர்களே ஒருமுறை துணி திரட்டியிருக்கிறார்கள். முளர் குலத்தார் சிலர் காலில் செருப்பின்றி, கம்பளியை நடுவில் கிழித்துத் தலைவழியே மாட்டிக்கொண்டு மதீனா வந்தபோது, அவர்களுடைய வறுமையைக் கண்டு நாயகத்தின் திருமுகம் மாறிற்று. பாங்கு சொல்லச் செய்து, தொழவைத்து, மக்களிடம் பேசினார்கள். தீனார், திர்ஹம், துணி, கோதுமை, பேரீத்தம்பழம் என்று எதைத் தரலாம் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பழத்தில் பாதியாயினும் சரி என்றார்கள். உணவு ஒரு குவியலும் துணி ஒரு குவியலுமாகச் சேர்ந்ததென்று முஸ்லிம் நூலில் காண்கிறோம். யாருக்குப் போகிறதென்று கேட்க வேண்டிய தேவையே அங்கில்லை. பெறுபவர்கள் கண்முன் நின்றார்கள். பாதிப் பழம் போதும், ஆனால் சொத்தைக் குலை ஆகாது! இவ்விரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், குறைவாகக் கொடுப்பது குற்றமில்லை, கழிப்பதைக் கொடை என்று பெயரிடுவதே குற்றம் என்பது விளங்கும்.

நமது நாட்டில் இதைக் கண்ணால் கண்டவர்கள் உண்டு. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அடித்த பிறகு தமிழகக் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. வீடும் படகும் இழந்து நின்ற மீனவ மக்களில் பலர் அதைத் தொட மறுத்தார்கள். சாலையோரங்களில் அவை குவியலாகக் கிடந்தன. இழந்தவர்களுக்கு மானம் மட்டுமாவது மிஞ்சியிருந்தது என்பதை அனுப்பியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே இளைஞர்களை உட்காரவைத்து, முன்னாண்டு மூட்டைகளில் என்ன கண்டார்கள் என்று கேட்டோம். வாசகத்துக்கு வேண்டியது அதில்தான் இருந்தது.

மூட்டைகளைக் கெடுத்தது கிழிசலைவிட ஈரம்தான். சரியாகக் காயாத ஒரு துவாலையை நெகிழிப் பைக்குள் வைத்து இறுகக் கட்டினால், சில நாட்களில் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்திலுள்ள நல்ல சேலைகளிலும் கரும்புள்ளி விழுந்துவிடுகிறது. துவைத்தாலும் அந்தப் புள்ளி போவதில்லை. பையை அவிழ்த்தவுடன் வரும் புழுங்கல் நாற்றமே அதற்கு அடையாளம். அடுத்தது, வெளிப்பார்வைக்குத் தெரியாத நைவு. கைலியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உட்காரும் இடம் சல்லடையாகத் தெரியும். சட்டையில் அக்குளையும் கழுத்துப்பட்டையையும் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் உடை பளிச்சென்றிருக்கும், இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்து கிடக்கும், ஜிப் ஓடாது. ஜோடி பிரிந்து வருவதும் உண்டு. தாவணி ஒரு மூட்டையிலும் பாவாடை வேறொன்றிலும் கிடந்தால் இரண்டும் பயனற்றுப் போகின்றன. ஒருவர் அளவுக்குத் தைத்த ரவிக்கை இன்னொருவருக்குச் சேர்வதும் அரிது. பிறர் உள்ளாடையை யாருக்குக் கொடுப்பது? கேட்கவே கூசுகிறது, ஆனால் வந்திருந்தது.

பைகளில் பணமும் இருந்தது. ஒரு சட்டைப்பையில் சிறு கம்மல் ஒன்றும் கிடைத்ததாம். துணியைக் கொடுத்தவர் கம்மலைக் கொடுக்கவில்லை, அது அமானிதம். எந்த வீட்டு மூட்டையென்று குறிக்காததால் வீடு வீடாகக் கேட்டு அலைந்திருக்கிறார்கள்.

இனி, மிஞ்சுவது எங்கே போகிறது? பருத்தித் துணிக்குப் பட்டறைகளில் விலையுண்டு, ஏனெனில் அது எண்ணெயை உறிஞ்சும். பாலியஸ்டர் உறிஞ்சாது, தடவினால் எண்ணெயை இழுத்துக்கொண்டே போகும். ஆகவே அதை வியாபாரியும் ஒதுக்கிவிடுகிறார். கம்பளியானால் வடநாட்டில் பானிபட் ஆலைகள் பிய்த்து நூலாக்கி மீண்டும் போர்வை நெய்கின்றன. நமது ஊர் மூட்டையில் கம்பளிக்கு எங்கே போவது? கடைசியில் ஒரு பங்கு குப்பைக்குத்தான் போகிறது. அதை ஏற்றிப் போகும் வண்டிக் கூலி, நற்காரியத்துக்கென்று வந்த பணத்திலிருந்துதான் கொடுக்கப்படுகிறது.

இத்தனையும் எழுதலாமா என்று இளைஞர்கள் தயங்கினார்கள். "விற்போம் என்று போட்டால் யாரும் தரமாட்டார்கள் ஹஸ்ரத்" என்றார் ஒருவர். மறைத்தால்தான் தருவார்கள் என்றால் அவர்கள் சம்மதித்துத் தரவில்லை என்று பொருள் என்றோம். அவருக்கு முழுத் திருப்தி ஏற்படவில்லை. பதாகைக்கு இத்தனை நீளம் ஆகாதென்றும் சொன்னார், அது நியாயம். பதாகைக்கு ஒரு வரியும் பிரசுரத்துக்கு மீதியுமாகப் பிரித்துக்கொண்டோம். கடைசியில் அச்சானது இது:

"நீங்களே உடுத்தக் கூசாததை எங்களிடம் தாருங்கள். சேலை, கைலி, சட்டை, தாவணி, பிள்ளைகளின் உடை, போர்வை ஆகியவற்றைத் துவைத்து, நன்கு காயவைத்து, பைகளைச் சோதித்து, ஜோடியைச் சேர்த்துக் கட்டி, மூட்டையின் மேல் வீட்டு எண்ணை எழுதுங்கள். ஒன்றானாலும் போதும். கிழிந்தவை, கறைபட்டவை, உள்ளாடை, தலையணை வேண்டாம். உடுத்தத் தக்கவை நமது மஹல்லாவிலும் அக்கம்பக்கத்திலும் உள்ள ஏழை வீடுகளுக்கு நேரில் கொடுக்கப்படும், படம் எடுக்கப்படாது. தகாதவை எடைக்கு விற்கப்பட்டு அப்பணத்தில் போர்வை வாங்கப்படும். விற்பதில் சம்மதமில்லையென்றால் மூட்டையில் எழுதுங்கள், திருப்பித் தருவோம்."

இம்முறை இருபத்தாறு மூட்டைகள் வந்தன. கழிவு மூன்று மூட்டைக்கு மேல் போகவில்லை. "விற்க வேண்டாம்" என்று எழுதி இரண்டு வந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்த ஒரு பிள்ளையின் கம்பளிச் சட்டையை மட்டும் அந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தோம்.

அந்தத் தாயின் வீட்டிலிருந்து இவ்வாண்டு ஒன்றும் வரவில்லை. இளைஞர்கள் அந்த வாசலில் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். நாம் வேறொன்றும் கேட்கவில்லை.