தங்கையின் பட்டமளிப்புப் படத்துக்கு மூன்று வரி

சித்தி மகள் பி.இ. முடித்துவிட்டாள். அங்கியும் தொப்பியுமாக நிற்கிற படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட வேண்டும். படத்துக்குக் கீழே எழுதும் உரிமை அக்காவான எனக்கு. அவளைக் கேலி செய்யாமல் விட்டால் நான் எழுதியது மாதிரியே இருக்காது; பெருமையைச் சொல்லாமல் விடவும் மனசு வராது.

முதலில் எழுதியது இது: "தூங்குமூஞ்சி கடைசியில் பாஸாயிட்டா! ஆனாலும் எங்களுக்குப் பெருமைதான்." படித்துப் பார்த்ததும் அழித்தேன். "கடைசியில்" என்றால் அரியர் வைத்தவள் என்று அர்த்தமாகிவிடும். ஸ்டேட்டஸை அவள் தோழிகள் மட்டுமா பார்க்கிறார்கள்? பெரியப்பா பார்ப்பார், நாளைக்கு அவளுக்கு வேலை கொடுக்கப்போகிறவரும் பார்க்கலாம். படிப்பு, மதிப்பெண், உடம்பு, நிறம் இவற்றில் கேலி கூடவே கூடாது. "ஆனாலும்" இன்னும் மோசம். பெருமையை ஏதோ சலுகை மாதிரி ஆக்கிவிடுகிறது.

கேலிக்கு வீட்டுக்குள் மட்டும் தெரிந்த சின்னக் குறும்பு ஒன்று போதும். அவளுக்கு அது சாவி. சைக்கிள் சாவி, பீரோ சாவி, பக்கத்து வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்த சாவி, எதுவும் அவள் கையில் தங்கியதில்லை. அதே பெண்தான் நான்கு வருடம் விடியற்காலை பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேலியே பெருமைக்கு வழிவிடுகிறது. இடையில் "ஆனாலும்" தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டியிருந்தது. சித்தி வீட்டில் இவளுக்கு முன் யாரும் பட்டம் வாங்கியதில்லை. தமிழ்நாட்டில் 2010-11 முதல் தொழிற்கல்வியில் சேரும் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழுக்காகச் சித்தி இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். "வாழ்த்துகள்", "வானமே எல்லை" என்று யாருக்கும் எழுதலாம். "முதல் பட்டதாரி" என்பதை இவளைப்போல் சிலருக்குத்தான் எழுத முடியும். அதனால் அதற்கு அடைமொழி எதுவும் சேர்க்கவில்லை.

கடைசியில் நின்றது இது:

"வாரத்துக்கு ஒரு சாவியைத் தொலைச்சவ, நாலு வருஷமா விடியக்காலை பஸ்ஸைத் தொலைக்கல.
எங்க சித்தி வீட்டு முதல் பட்டதாரி.
என் தங்கச்சி, பி.இ.!"

"என் தங்கச்சி" கடைசி வரியில் வருவது வேண்டுமென்றே செய்ததுதான். முதலில் போட்டிருந்தால் கண் என் பக்கம் திரும்பியிருக்கும். இன்ஸ்டாகிராமில் நீளமாக எழுதினால் தொடக்கம் மட்டும் தெரிந்து மீதி மறைந்துகொள்ளும். அங்கேயும் சாவி வரிதான் முன்னால் நிற்க வேண்டும்.

போடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். முதல் பட்டதாரி என்பதை ஊரறியச் சொல்வது அவளுக்கும் சித்திக்கும் சம்மதமா என்று கேட்காமல் போடக் கூடாது. அவள் சாவி வரியைப் பார்த்துச் சண்டைக்கு வந்தாள், ஆனால் எடுக்கச் சொல்லவில்லை. சித்தி மட்டும் ஒரு திருத்தம் சொன்னார்: ஊர்ப் பெயரையும் சேர்க்க வேண்டுமாம். சேர்த்துவிட்டேன்.