உங்கள் கணக்கின் அடிமட்டம் எது?

கவுன்டரில் இருப்பவர் நல்லது என்று சொன்னார் என்பதற்காக உங்கள் சேமிப்புக் கணக்கில் ஆட்டோ ஸ்வீப் போடக் கையெழுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்றார் என்பதற்காக விட்டுவிடவும் செய்யாதீர்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு நாளும் எவ்வளவு நின்றது என்பது உங்கள் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறது. விடையும் அங்கேதான் இருக்கிறது. அதை எடுக்கக் கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும். உங்களுக்குத் தெரியும்!

ஸ்வீப் என்பது இவ்வளவுதான். சேமிப்புக் கணக்கில் ஒரு வரம்பு வைக்கிறார்கள். 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் வரும் பணம் தானாக எஃப்.டி.யாக மாறும். உங்களுக்குப் பணம் தேவைப்பட்டால் அந்த எஃப்.டி. வேண்டிய அளவுக்கு உடைந்து சேமிப்புக்குத் திரும்பும். ஸ்டேட் பேங்கில் இதற்கு மல்டி ஆப்ஷன் டெபாசிட் என்று பெயர். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் உடைந்த எஃப்.டி.க்கு நீங்கள் ஆசைப்பட்ட ஓராண்டு வட்டி கிடைக்காது. அது உயிரோடு இருந்த நாட்களுக்கு உரிய வட்டிதான் கிடைக்கும். அதிலும் பல வங்கிகள் அரை சதவீதம் அபராதமாகக் குறைக்கும். ஏழு நாள் ஆகுமுன் உடைந்தால் ஒரு பைசா வட்டி கிடையாது.

வலியசாலை அக்கிரகாரத்தில் இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டு கணக்கிலும் சராசரி இருப்பு 2 லட்சம். சேமிப்பு வட்டி 2.5 சதவீதம். 2025 ஜூனில் ஸ்டேட் பேங்க் இறங்கிவந்த விகிதம் இதுதான். எஃப்.டி. வட்டியைக் கணக்குக்காக இப்படி வைப்போம்: ஓராண்டுக்கு 6.25, ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆறு மாதத்துக்குள் 5, ஒன்றரை மாதம் வரை 3. முன்கூட்டி உடைத்தால் அரை சதவீதம் போகும். வெறும் சேமிப்பாகவே விட்டால் இரண்டு வீட்டுக்கும் ஆண்டுக்குச் சுமார் 5,000 ரூபாய் வட்டி.

முதல் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை. மாதம் 40,000 பென்ஷன் வருகிறது, அந்த மாதமே செலவாகிறது. பென்ஷன் வந்த அன்று 2,20,000 நிற்கும். மாதக் கடைசியில் 1,80,000. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் ஒருநாளும் இறங்கியதில்லை. அதுதான் அந்தக் கணக்கின் அடிமட்டம். வரம்பான 50,000-ஐக் கழித்தால் 1,30,000 ரூபாய் யாரும் தொடாமல் ஓராண்டு தூங்குகிறது. அதற்கு 2.5-க்குப் பதில் 6.25 கிடைத்தால் கூடுதலாக 4,875 ரூபாய். மேலே ஏறி இறங்கும் 40,000-ல் லாபம் எதுவும் இல்லை. 3-ல் அரையைக் கழித்தால் அதே 2.5தான். முதல் வாரத்திலேயே செலவாகும் பகுதிக்கு வட்டியே இல்லாததால் மாதம் இரண்டு ரூபாய் நஷ்டம், அதை மறந்துவிடலாம். ஆக 5,000 சுமார் 9,850 ஆகிறது. அம்மா, இது உங்கள் பணம், கேட்டு வாங்குங்கள்!

இரண்டாவது வீட்டில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்துபவர். மாதத்தில் இருபது நாள் அவர் கணக்கில் 50,000தான். இரண்டு கல்யாணங்களுக்கு அட்வான்ஸ் வரும்போது தலா ஐந்து நாள் 5 லட்சம் நிற்கும். பிறகு சாலைக் கடைத்தெரு மளிகைக்கும் காய்கறிக்கும் ஆட்கூலிக்கும் போய்விடும். இவருடைய சராசரியும் அதே 2 லட்சம். ஸ்வீப் போட்டால் 4,50,000 எஃப்.டி.க்குப் போய் ஐந்தே நாளில் உடையும். ஏழு நாள் ஆகவில்லை, வட்டி பூஜ்யம். சேமிப்பிலேயே கிடந்திருந்தால் மாதம் 308 ரூபாய் வந்திருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 ரூபாயை இழந்து, 5,000-க்குப் பதில் 1,250 ரூபாயோடு நிற்பார். அதே வங்கி, அதே திட்டம், அதே சராசரி!

அதனால்தான் சொல்கிறேன், சராசரி இருப்பைக் காட்டி யாரும் உங்களைச் சம்மதிக்க வைக்க விடாதீர்கள். கேட்க வேண்டியது, ஒவ்வொரு பத்தாயிரமும் இடைவிடாமல் எத்தனை நாள் நின்றது என்பதை. தினசரி இருப்பை ஒரு தாளில் வரைபடமாகப் போடுங்கள். 60,000-ல் ஒரு கோடு, 70,000-ல் ஒரு கோடு என்று குறுக்கே இழுத்துக்கொண்டே போங்கள். இருப்பு அந்தக் கோட்டுக்கு மேலேயே தொடர்ந்து இருந்த நாட்கள்தான் அந்தப் பத்தாயிரத்தின் ஆயுள். ஆயுள் ஏழு நாளுக்குக் குறைந்தால் நஷ்டம். ஒன்றரை மாதத்துக்குள் என்றால் நம் விகிதத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதற்கு மேல் போனால்தான் ஸ்வீப் ஜெயிக்கத் தொடங்குகிறது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கடைசியாகப் போன பணம் முதலில் உடைய வேண்டும். அப்போதுதான் அடியில் கிடக்கும் பழைய எஃப்.டி. கலையாமல் முதிரும். சில இடங்களில் பழையது முதலில் உடையும் முறை இருக்கிறது. அப்படியானால் நம் ஆசிரியையின் ஒவ்வொரு ரூபாயும் நான்கரை மாதத்துக்கு முன்பே உடைபடும். 5-ல் அரை போக 4.5தான் கிடைக்கும். கூடுதல் 4,875 என்பது சுமார் 3,000 ஆகச் சுருங்கும். ஒரே ஒரு விதிக்கு 1,800 ரூபாய்க்கு மேல்!

நாள் இருப்பை எடுக்கும்போது இரண்டு இடத்தில் தடுக்கும். ஸ்டேட்மென்ட்டில் வரவு செலவு நடந்த நாட்கள் மட்டுமே இருக்கும். நடுவில் விடுபட்ட நாட்களுக்கு முந்தைய நாளின் கடைசி இருப்பையே எழுதி நிரப்புங்கள். விட்டுவிட்டால் கணக்கு முழுக்கப் பொய்யாகும். இன்னொன்று, ஏற்கெனவே ஸ்வீப் ஓடுகிறதென்றால் பாஸ்புக்கில் வரம்புத் தொகைதான் தெரியும், எஃப்.டி.யில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு 365 நாள் இருப்பையும் கூட்டி, 2.5 சதவீதத்தால் பெருக்கி, 365-ஆல் வகுங்கள். வெறும் சேமிப்பாக இருந்திருந்தால் வந்திருக்கும் வட்டி அது. உங்களுக்கு உண்மையில் வரவான சேமிப்பு வட்டியையும் ஸ்வீப் வட்டியையும் கூட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். எது பெரிது என்று கண்ணாலேயே தெரியும்.

பத்தாம் தேதிக்குள் பணம் போட்டுவிட வேண்டும் என்று நம் பெரியவர்கள் ஓடியது நினைவிருக்கிறதா? அன்று பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் சேமிப்பு வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி அதை மாற்றி, தினசரி இருப்புக்கு வட்டி தர வைத்தது. ஐந்தே நாள் நின்ற பணத்துக்கும் சேமிப்பில் வட்டி உண்டு என்பதால்தான் சமையல்காரருக்கு ஸ்வீப் நஷ்டமாகிறது.

வரியையும் பாருங்கள். ஸ்வீப்பில் வருவது எஃப்.டி. வட்டி. பழைய வரிமுறையில் இருக்கும் அறுபது வயதுக்குட்பட்டவருக்குச் சேமிப்பு வட்டியில் 10,000 வரை கிடைக்கும் கழிவு இதற்குக் கிடையாது. இருபது சதவீத வரி கட்டுபவரின் 6.25, கைக்கு வரும்போது 5 ஆகிவிடும். மூத்த குடிமக்களுக்கு அதே முறையில் இரண்டு வட்டிக்கும் சேர்த்து 50,000 வரை கழிவு இருப்பதால் ஆசிரியைக்கு அந்தக் கவலை இல்லை.

அடிமட்டம் அசையவே அசையாது என்று உறுதியாகத் தெரிந்தால் அந்த 1,30,000-ஐ நீங்களே தனி எஃப்.டி.யாகப் போட்டாலும் இதே லாபம்தான். நள்ளிரவில் மருத்துவமனையில் 30,000 கட்ட வேண்டி வந்தால் அந்தத் தொகை மட்டும் உடைந்து மீதி கலையாமல் நிற்பதே ஸ்வீப் தரும் கூடுதல் வசதி.

ஆகவே ஓராண்டு ஸ்டேட்மென்ட்டை வாங்குங்கள். வங்கியில் நிமிர்ந்து நின்று கேளுங்கள்: வரம்பு எவ்வளவு, எது முதலில் உடையும், அபராதம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் அடிமட்டம் வரம்பைவிட நன்றாக உயர்ந்து நின்றால் இன்றே ஸ்வீப் போடுங்கள். வரம்பை ஒட்டியே கிடந்து, பெரிய தொகை ஒரு வாரத்துக்குள் வந்து போகிறதென்றால், ஏற்கெனவே போட்டிருந்தாலும் எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.