விடல் என்னுஞ் சொல்

நீதிச்செய்யுளொன்றின் அடியைக் காட்டி, அதன்கீழ் நான்கு கூற்றுக்களை நிறுத்தி, அவ்வடியின் அறிவுரையை நன்கு விளக்குவது யாது என வினாவுதல் தேர்வுகளிற் பெருவழக்கு. அந்நான்கும் பெரும்பாலும் மெய்போலவே தோன்றும். ஆதலின் ஆண்டுள்ள இடர், பிழையை விலக்குதலினும் குறைந்த பொருளை நிறைந்த பொருளினின்றும் பிரித்தறிதலேயாம்.

திருக்குறளில் இன்னாசெய்யாமை யதிகாரத்து நான்காங் குறளை (314) எடுத்துக்கொள்வாம். தமக்குத் தீங்கு செய்தாரை ஒறுத்தலாவது இன்னதென்று கூறுவது அது. அவரைத் தக்கவாறு தண்டித்தல் வேண்டும். பொறுத்து வாளாவிருத்தல் வேண்டும். அவர் நாணுமாறு நன்மை செய்தல் வேண்டும். அவ்வாறு நன்மை செய்து, அவர் தீமையையும் தம் நன்மையையும் மறத்தல் வேண்டும் என நான்கு கூற்றுக்கள் அதற்கு நிறுத்தப்பட்டன என்க.

முதற் கூற்று ஒறுத்தல் என்னும் எழுவாயை மாத்திரம் நோக்கிப் பயனிலையை விட்டது. ஒறுத்தலுக்கு உலகம் கொண்ட பொருளை மாற்றுதற்கே அக்குறள் எழுந்தது. இரண்டாவது நல்லறமேயாயினும், பொறையுடைமை யதிகாரத்திற்கு உரியது. நன்மை செய்தல் என்னும் வினை அதன்கண் இல்லை. செய்யுளில் இல்லாத நல்லுரை, எத்துணை நன்றாயினும், அச்செய்யுளின் பொருளாகாது.

எஞ்சிய இரண்டையும் பிரிப்பது விடல் என்னும் இறுதிச்சொல். அதனைத் துணைவினையாகக் கொள்வார்க்கு மூன்றாங் கூற்றே அமையும். பரிமேலழகர் அதனை மறத்தற்பொருட்டாகக் கொண்டு, மறக்கற்பாலன இரண்டு என்றும், மறவாவிடின் அவை மீண்டுங் கிளைக்கும் என்றும் காரணங் காட்டினார். சொல் ஒன்றும் வறிதாகாமற் பொருள்தருவது இவ்வுரையாதலின், நான்காவதே சிறந்ததாம்.

இவ்வேறுபாடு இலக்கண மாத்திரையில் நிற்பதன்று. தன் வயலுக்குப் பாயும் நீரை இரவில் மடைமாற்றிய அயலானுக்கு, உழவுமாடு இறந்த காலத்துத் தன் மாட்டை ஒருவன் உதவினான் என்க. அயலான் நாணினான். பின்னர் ஊர்மன்றத்தில், “அவன் எனக்குச் செய்தது அது, யான் அவனுக்குச் செய்தது இது” என்று உதவியவன் உரைப்பானாயின், மூன்றாங் கூற்றின்படி அவன் குறளைக் கடைப்பிடித்தவனே. நான்காவதன்படி அவன் தண்டித்தவனேயாவான். கோலுக்கு மாறாக நன்மையைக் கருவியாகக் கொண்டான் என்பதே வேற்றுமை. நாணம் அயலானிடத்துத் தானே தோன்றற்பாலது. பிறர் முன்னிலையில் அவன்மேல் ஏற்றப்படுவதன்று.

எனவே, கூற்றுக்களை ஆராய்வார் செய்யுளை முடிக்குஞ் சொல்லை முதற்கண் பற்றி, அச்சொல்லுக்கு எக்கூற்றில் இடமுண்டு என நோக்குக. தன் நன்மையை மறத்தலே செயற்கரிது. விரைந்து படிப்பார் விட்டுவிடுவதும் அதனையே.