குப்புறப் படுக்க வைத்த புத்தகம்

மகள் பிறந்து பதினெட்டாம் நாள், பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் கிடைத்தது. அறுபதுகளில் அச்சான பிரதி. தேக்காவில் எங்கள் வீட்டிலிருந்து கேகே மருத்துவமனை நடக்கிற தூரம்தான். ஆனால் இரவு மூன்று மணிக்குக் குழந்தை வீறிட்டால் கைக்கு எட்டுவது புத்தகம்தான்.

அதில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்றிருந்தது. காரணமும் இருந்தது: மல்லாந்து படுத்தால் கக்கிய பால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், எப்போதும் ஒரே பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "யாருடா அவன்? பச்சப்புள்ளயப் போய் குப்புறப் போடச் சொல்றவன்?" என்றாள்.

அவன் சாதாரண ஆளில்லை என்பதுதான் சிக்கல். ஸ்பாக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வும் பயின்றவர். 1946-இல் வெளிவந்த அந்த நூல் கோடிக்கணக்கில் விற்றது. அதற்கு முன் 1928-இல் ஜான் வாட்சன் என்ற உளவியலாளர், பிள்ளையைக் கொஞ்சாதே, மடியில் வைக்காதே என்று எழுதியிருந்தார். ஸ்பாக் வந்து தாராளமாகக் கொஞ்சுங்கள் என்றார். அம்மாக்கள் அவரை நம்பியதில் வியப்பில்லை. ஆனால் கொஞ்சுவது பற்றிச் சொன்னதில் சம்பாதித்த நம்பிக்கை, படுக்க வைப்பது பற்றிச் சொன்னதற்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. கேட்க நியாயமாகப் படும் ஒரு காரணம் மட்டுமே இருந்தது. 1958 பதிப்பில் அந்த அறிவுரை இருக்கிறது.

அந்தக் காரணம் தவறு. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. எதுக்களித்து வரும் பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறக் கிடந்தால் இந்த அமைப்பு தலைகீழாகிறது. தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது, குப்புறப் படுக்க வைத்தவர்களிடம்தான் மிக அதிகம் என்று பின்னால் ஆய்வுகள் காட்டின. பிள்ளையை மல்லாக்கப் போடும் பழக்கமுள்ள ஹாங்காங்கில் இப்படிப்பட்ட மரணங்கள் அரிது என்று 1985-இல் ஒரு மருத்துவர் லான்செட்டில் எழுதினார். 1991-இல் பிரிட்டனும் 1994-இல் அமெரிக்காவும் மல்லாந்து படுக்க வைக்கச் சொல்லி இயக்கம் நடத்தின. மரணங்கள் பெருமளவு குறைந்தன. (விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து பார்க்கையில் சிறிது நேரம் குப்புறப் போடலாம், போடவும் வேண்டும். தூக்கம்தான் பிரச்சினை.)

2005-இல் ரூத் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் பழைய ஆய்வுகளையும் பழைய வளர்ப்பு நூல்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஆபத்து தெரியுமளவு தரவுகள் 1970-லேயே சிதறிக் கிடந்தன, யாரும் தொகுக்கவில்லை. தொகுத்திருந்தால் பிரிட்டனில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்பது அவர்களின் கணிப்பு.

அப்படியானால் ஸ்பாக் குற்றவாளியா? 1958-இல் அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாததை நான் குற்றமாக எண்ணவில்லை. என்னை உறுத்துவது குரல்தான். நன்றாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே கனிவோடு, ஒரே உறுதியோடு சொல்லும் குரல். எது எது என்று பிரித்தறிய வாசிக்கிற தாய்க்கு வழியே இல்லை. பாலூட்டும் நேரத்தைப் பற்றி இரண்டு நூல்கள் முரண்பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது, நமக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்ட இடத்திலாவது, இது எனக்கு எப்படித் தெரியும் என்று எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும்.

இதையெல்லாம் சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நான் சொல்லல?" அடுத்த நாளே தேனோடு வந்தாள். சேனை வைக்கணுமாம், நாக்கில் ஒரு சொட்டு. தேனில் போட்டுலிசம் உண்டாக்கும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயதுக்குள் குழந்தையின் குடலால் அவற்றைத் தடுக்க முடியாமல் போகலாம், தசைகள் செயலிழக்கும். அதனால்தான் ஒரு வயதுவரை தேனே கூடாது. மறுத்தேன். "ஒனக்கும்தான் வெச்சேன், செத்தா போயிட்ட?" என்றாள். குப்புறப் படுத்துத் தூங்கி வளர்ந்த கோடிப் பேரும் இதையேதான் சொல்வார்கள் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அம்மா ஒன்றில் சரியாக இருந்தாள் என்பதற்காக இன்னொன்றை ஏற்றால், ஸ்பாக்கை நம்பியவர்கள் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். இரண்டு நாள் அவள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

புத்தகத்தைத் திரும்ப விற்கலாம் என்றிருந்தேன். அதே கடையில் இன்னொரு தூக்கமில்லாத அப்பன் அதை எடுப்பான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், "தூங்கும்போது மல்லாக்கத்தான்" என்று பேனாவால் தடிமனாக எழுதிவிட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.