கூட்டத்தில் குறையும் உழைப்பு

தனியாகச் செய்யும்போது முழு மனத்துடன் உழைப்பவர், பலருடன் சேர்ந்தவுடன் தம்மை அறியாமலே கைகளைத் தளர்த்திவிடுகிறார். இது சோம்பேறிகளின் குணம் மட்டும்தானா?

இதை முதலில் அளந்தவர் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். மனிதர்களைக் கயிறு இழுக்கச் செய்து அவர் கண்ட முடிவுகள் 1913-இல் வெளியாயின. ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரின் பங்கும் குறைந்தது. எனினும், எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் அல்லவா?

இந்த ஐயத்தை, 1979-இல் அமெரிக்காவில் லட்டானே என்ற உளவியலாளரும் அவருடைய துணைவர்களும் நடத்திய ஆய்வு தீர்த்தது. கண்களைக் கட்டி, காதொலிக் கருவி அணிவித்து, உரக்கக் கத்துமாறு மாணவர்களிடம் கூறினர். உண்மையில் தனியாகவே கத்திய ஒருவர், தம்முடன் இன்னும் ஐவர் கத்துவதாக நம்பியபோது, அவருடைய ஒலி ஏறத்தாழ கால்பங்கு தாழ்ந்தது. அங்கே கூட்டமே இல்லை, குறைந்தது முயற்சிதான்.

1981-இல் அவர்களே, ‘கூட்டமாகக் கத்தினாலும் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படும்’ என்று அறிவித்தனர். தளர்ச்சி மறைந்தது. ‘தனியாகக் கத்தினாலும் யார் குரல் என்று தெரியாது’ என்றபோதோ, தனிமையிலும் தளர்ச்சி தோன்றியது. ஆகவே தளர்ச்சியின் வேர் கூட்டத்தில் இல்லை. தன் பங்கு கணக்கில் வராது என்ற எண்ணத்தில் இருக்கிறது.

அப்படியானால், பிறர் கண்காணித்தால்தான் மனிதன் உழைப்பானா? இதற்கு 1987-இல் ஷிமான்ஸ்கி, ஹார்க்கின்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வு விடை தருகிறது. ஒருவரது பங்கைப் பிறர் எவரும் அறிய இயலாது; ஆனால் மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு செய்தனர் என்பதைக் கொண்டு அவரே தம் வேலையை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அதுவே தளர்ச்சியை நீக்கப் போதுமானதாக இருந்தது. பிறர் கண் இல்லாத இடத்தில் தன் கண் போதும்; ஆனால் அக்கண்ணுக்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

அன்னதானத்திற்குப் பத்துத் தொண்டர்கள் காய் நறுக்குவதாகக் கொள்வோம். நறுக்கியவை எல்லாம் ஒரே குவியலில் விழுந்தால், எவருக்கும் தம் பங்கு தெரியாது. சிலர் பேச்சில் ஆழ்வர். அதைக் காணும் மற்றவர், ‘நாம் மட்டும் ஏன்?’ என்று வேகத்தைக் குறைப்பர். அதற்கு மாறாக ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கூடையைக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் வழக்கமாக எவ்வளவு முடியும் என்பதையும் சொல்லிவிடலாம். கூடைகளை யாரும் சோதிக்க வேண்டியதில்லை.

திட்டமிடுதல், அலங்காரம் போன்ற எண்ண முடியாத பணிகளுக்குக் கூடை உதவாது. அங்கே, வேறெவரும் செய்யாத ஒரு பகுதியை ஒவ்வொருவரிடமும் ஒப்படைப்பதே வழி. ‘எல்லோரும் இன்னும் நன்றாக உழையுங்கள்’ என்று பொதுவாகக் கடிந்துகொள்வதால் பயன் சிறிதே. அச்சொல்லைத் தமக்குரியதாக எவரும் ஏற்பதில்லை.